ஜி வரிசையில் ஏழு பேர்

செந்தாமரையின் கையைத் தெரிந்தவர்கள் காரைக்குடியில் ஆயிரம் பேர் இருப்பார்கள். முகத்தைத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். சொர்ணவல்லி தியேட்டரின் டிக்கெட் கவுண்டர் அப்படி. வெளியே இருந்து பார்த்தால் கம்பிக்குக் கீழே ஒரு கை நுழையும் அளவுக்கு அரைவட்ட ஓட்டை. அதில் பணம் உள்ளே போகும், டிக்கெட் வெளியே வரும். கண்ணாடிக்கு மேல் படத்துக்குப் படம் ஒட்டிய விளம்பரத்தாள் அவளை அப்படியே மறைத்துக்கொண்டிருக்கும். கூச்சப்படுகிறவள் ஒருத்திக்கு உலகத்தில் இதைவிட நல்ல வேலை கிடைக்குமா என்று அவளே பல நாள் நினைத்திருக்கிறாள்.

சாக்கோட்டையில் எட்டாம் வகுப்பு பாதியில் படிப்பை நிறுத்தியவள். வகுப்பில் வாத்தியார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே கண்ணில் தண்ணீர் நிற்கும். இந்தத் தியேட்டருக்கு அவள் வந்தது கூட்டிப் பெருக்கத்தான். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்த பிறகு விளக்குமாற்றோடு வரிசை வரிசையாகப் போவாள். அப்போது ஒன்று கண்ணில் பட்டது. ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டிய ஆட்டத்திலும் சில நாற்காலிகளுக்குக் கீழே தரை சுத்தமாக இருக்கும். ஒரு சோளப்பொரி இருக்காது, ஒரு கடலைத்தோல் இருக்காது. அந்தச் சுத்தமான இடம் எப்போதும் ஒற்றையாகவே இருக்கும். இந்தப் பக்கம் ஒரு குடும்பம் தின்று போட்ட குப்பை, அந்தப் பக்கம் இன்னொரு குடும்பத்தின் குப்பை, நடுவில் யாரும் உட்காராத ஒரு நாற்காலி.

யாரிடம் சொல்வது? சொல்ல வாய் வராது. ஒரு மாதம் முழுக்க, பழைய டிக்கெட் கட்டின் பின்புறத்தில் வரிசைகளைக் கட்டம் போட்டு, சுத்தமாக இருந்த இடங்களை மட்டும் பென்சிலால் கறுப்பாக்கினாள். அதை முதலாளி ஈஸ்வரனின் மேசையில் யாரும் பார்க்காத நேரத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து அவர் அவளைக் கூப்பிட்டு, விளக்குமாற்றை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கவுண்டரில் உட்கார வைத்தார். அது ஆகிவிட்டது பதினெட்டு வருஷம்.

அந்தத் தியேட்டரில் வரிசைக்குப் பதினெட்டு நாற்காலி. நடுவில் நடைபாதை. ஆக இடப்பக்கம் ஒன்பது, வலப்பக்கம் ஒன்பது. இந்த ஒன்பது என்பது பொல்லாத எண். சினிமாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு பேராகவோ நான்கு பேராகவோதான் வருவார்கள். இரண்டு இரண்டாக எத்தனை வைத்தாலும் ஒன்பதில் ஒன்று மிஞ்சும். அந்த ஒன்றை யாருக்கு விற்பது? தனியாக வருகிறவன் இளவட்டமாக இருப்பான். இரண்டு குடும்பத்துக்கு நடுவே அவனை உட்கார வைத்தால் அவனுக்கும் சங்கடம், பக்கத்தில் இருக்கும் பெண்ணுக்கும் சங்கடம். ஆகவே ஒவ்வொரு ஒன்பதிலும் ஒரு மூன்றோ ஐந்தோ ஏழோ விழ வேண்டும்.

செந்தாமரை யாருக்கு டிக்கெட் கொடுத்தாலும் கொடுப்பதற்கு முன்னால், மிஞ்சுவது எத்தனை என்று பார்ப்பாள். ஒன்றுமே மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் இரண்டாவது மிஞ்ச வேண்டும். ஐந்து இடம் காலியாக இருந்தால் நான்கு பேரை அங்கே வைக்க மாட்டாள். இரண்டு பேரை வைப்பாள், அதுவும் ஓரத்தில் ஒட்டி வைப்பாள். நடுவில் வைத்தால் ஒரு பக்கம் ஒன்று தனித்துப்போகும். மூன்று காலியாக இருந்தால் அதைத் தொடவே மாட்டாள். மூன்று பேர் வரும்வரை அடைகாப்பாள்.

அங்கேதான் ஊர்ச் சிக்கல். மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போகக் கூடாது என்பது இந்தப் பக்கத்தில் பலரது நம்பிக்கை. அப்பா, அம்மா, ஒரு பிள்ளை என்று மூன்று பேர் வந்தாலும், கவுண்டரில் மூன்று டிக்கெட் கேட்க மாட்டார்கள். "ரெண்டு குடுங்க" என்று ஒரு கை நுழையும். டிக்கெட்டை வாங்கி வெளியே போய், இரண்டு நொடி கழித்து அதே கை திரும்ப வரும். "இன்னொன்னு குடுங்க." அந்தக் கையின் தயக்கத்தைப் பார்த்தாலே செந்தாமரைக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுக்காமல் அந்தக் கை திரும்பி வரும்வரை வைத்திருப்பாள்.

ஈஸ்வரன் போய், அவர் மகன் ஹரிகிருஷ்ணன் பொறுப்புக்கு வந்த பிறகு பாதி இடம் ஆன்லைனில், அவரவர் போன் வழியாகவே விற்பனையானது. அந்த சாஃப்ட்வேரிலும் இதே சட்டம் இருந்தது. ஒற்றை இடம் தனித்து நிற்கிற மாதிரி யாராவது எடுத்தால், 'தனி இருக்கை விட இயலாது' என்று சிவப்பில் காட்டி மறுத்துவிடும். செந்தாமரை முதல் தடவை அதைப் பார்த்தபோது, தன்னை மாதிரியே ஒருத்தி அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மீதிப் பாதி கவுண்டருக்கு. கும்பலாக வருகிறவர்கள் போன் பண்ணிச் சொல்வார்கள். கும்பலின் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும். கம்ப்யூட்டரில் பிடித்து வைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முதலாளியின் பாஸ்வேர்டு வேண்டும். அதற்கு அவர் அறைக்குப் போய் நிற்க வேண்டும். பென்சிலுக்கு யாரும் பாஸ்வேர்டு கேட்பதில்லை. ஆகவே கடைசி எண்ணிக்கை வரும்வரை எல்லாம் அவளுடைய கட்டத்தாளில்தான் இருக்கும்.

அந்த வாரம் வரவிருந்த படம், கண்டனூரில் ஒரு பெரிய வீட்டில் நாற்பது நாள் எடுத்த படம். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் அதில் கூட்டத்தில் நின்றவர்கள். மீதிப் பேர் நின்றவர்களுக்குச் சொந்தக்காரர்கள். வெள்ளிக்கிழமை பதினொரு மணி ஆட்டத்துக்குச் செவ்வாய்க்கிழமையே போன் ஓயவில்லை.

கொத்தமங்கலத்திலிருந்து இருளாண்டி ஆசாரி பேசினார்.

"தாயி, ஏழு டிக்கெட்டு வேணும். ஏழும் ஒண்ணா வேணும்."

"ஏழுன்னா ஏழுதானாண்ணே? மாறாதே?"

"சின்ன மாப்பிள்ளைக்குத் திருப்பூர்ல லீவு கிடைச்சா ஏழு. இல்லாட்டி ஆறு. வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள சொல்லிருவேன்."

"ஆறுன்னாலும் சரி, ஏழுன்னாலும் சரி. எட்டு மட்டும் ஆக்கிறாதீக."

இருளாண்டி சிரித்தார். போனை வைக்க அவருக்கு மனமில்லை. அந்தப் படத்தில் கதாநாயகன் ஒரு கதவை எட்டி உதைத்து உடைக்கிறான். அந்தக் கதவைச் செய்தவர் அவர். வீட்டுக்காரர்களின் தேக்குக் கதவை உடைக்க முடியாதே. அதைப் பார்த்து அதேபோல இலேசான மரத்தில் நான்கு கதவு செய்து கொடுத்தாராம், நான்கு தடவை உடைக்க.

"என் சம்சாரத்துக்கு சுகர்ல கண்ணு போயிருச்சு தாயி, ரெண்டு வருசமாச்சு. தியேட்டருக்கே வரமாட்டேன்னு இருந்தா. நான் பக்கத்துல உக்காந்து ஒண்ணொண்ணாச் சொல்றேன்னேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? 'நீங்க கதவு வராட்டியும் வந்துச்சுன்னு சொல்ற ஆளு, சாட்சிக்கு எம் பிள்ளைக எல்லாம் பக்கத்துல இருந்தாத்தான் வருவேன்'ங்கிறா."

செந்தாமரை போனை வைத்துவிட்டு ஜி வரிசை இடப்பக்கத்தில் பென்சிலால் எழுதினாள்: கொத்தமங்கலம், ஏழு. பக்கத்தில் ஒரு இரண்டுக்கு இடம். ஏழும் இரண்டும் ஒன்பது. ஆறு ஆகிவிட்டால் மூன்று பேரைத் தேட வேண்டும், அவ்வளவுதான். கண் தெரியாதவர் படி ஏற வேண்டாம் என்று கதவுக்கு நேரான வரிசையாகப் பார்த்துத்தான் போட்டாள்.

வியாழக்கிழமை மதியம் ஹரிகிருஷ்ணன் தன் அறையில் போனும் காதுமாக இருந்தார். கோபமான போன்கள். "உங்க சிஸ்டம் ரெண்டு சீட்டு எடுத்தா தரமாட்டேங்குது" என்று ஒருவர். "மூணு காலியா இருக்கு, ரெண்டு எடுத்தா ஏன் செவப்பாக் காட்டுது" என்று இன்னொருவர். கவுண்டரில் கை விட்டு இரண்டும் ஒன்றுமாக வாங்கிய அதே ஆட்கள், போனிலும் முதலில் இரண்டு, பிறகு ஒன்று என்று எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாகக் காலியிருக்கும் இடத்தில் இரண்டை எடுத்தால் ஒன்று தனித்து நிற்கும், சாஃப்ட்வேர் விடவில்லை. அவர்கள் பாட்டுக்குத் திட்டினார்கள்.

பதினோராவது ஆள் திட்டியதும் ஹரிகிருஷ்ணன் அந்தச் சட்டத்தையே நிறுத்திவிட்டார். அத்தோடு நிற்கவில்லை. கிராக்கியைப் பார்த்து, கவுண்டருக்கு ஒதுக்கியிருந்த மீதி இடத்தையும் சாயங்காலம் ஆறரைக்குப் போனில் திறந்துவிடப் போவதாகக் கேன்டீன் ஆளிடம் அவர் சொன்னது செந்தாமரை காதில் விழுந்தது. வழக்கமாக அப்படித் திறக்குமுன், "அக்கா, கைல எதுவும் வச்சிருக்கீகளா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். அன்றைக்குக் கேட்கவில்லை.

செந்தாமரை கட்டத்தாளை எடுத்துக்கொண்டு அவர் அறை வாசலில் போய் நின்றாள். அவர் போனில் இருந்தார். ஒரு போன் முடிந்தது, அடுத்தது வந்தது. ஒருமுறை அவளைப் பார்த்தார். என்ன என்று புருவத்தைத் தூக்கினார். அவள் தாளைக் கொஞ்சம் உயர்த்தினாள். அதற்குள் அவர் போனுக்குத் திரும்பிவிட்டார். கால்மணி நேரம் நின்றிருப்பாள். 'ஒரு வார்த்தை, சார்' என்று சொன்னால் போதும். தொண்டை வரை வந்தது, நாக்கு வரை வரவில்லை. சாக்கோட்டை பஸ்ஸுக்கு நேரமானது. காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம், ஒரு வரிசை எங்கே போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டாள். எட்டு மணிக்கு அவள் வீட்டில் இருந்தபோது இருளாண்டி போன் பண்ணினார். ஏழுதான், மாப்பிள்ளை வந்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை இரவே திரும்ப வேண்டுமாம். "வாங்கண்ணே" என்றாள். அன்று இரவு அவள் சரியாகத் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஏறக்குறைய எல்லா இடமும் விற்றுப்போயிருந்தது. விற்காமல் கிடந்தது பதினோரு இடம். பதினொன்றும் கிளி கொத்திய சோளக்கதிர் மாதிரி ஆங்காங்கே ஒற்றை ஒற்றையாக. போனில் எடுக்கிறவர்கள் பக்கத்து ஆளின் முழங்கை படாமல் இருக்கட்டும் என்று ஒரு இடம் தள்ளித் தள்ளி எடுத்திருந்தார்கள். அடுத்தடுத்து இரண்டு இடம் அந்தத் தியேட்டரில் எங்குமே இல்லை.

ஜி வரிசை இடப்பக்கத்தைப் பார்த்தாள். மூன்று ஜோடி, மூன்று ஒற்றை.

பத்தரைக்கெல்லாம் கொத்தமங்கலத்து ஷேர் ஆட்டோ வந்து நின்றது. இருளாண்டி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இறங்கினார். மனைவி கல்யாணசுந்தரியின் கையை மருமகள் பிடித்திருந்தாள். கல்யாணசுந்தரி பட்டுப்புடவை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தாள். மகன், இரண்டு மகள்கள், திருப்பூர் மாப்பிள்ளை. மொத்தம் ஏழு.

செந்தாமரை ஓட்டை வழியாக விஷயத்தைச் சொல்ல முயன்றாள். அவர்களுக்கு விளங்கவில்லை. ஹரிகிருஷ்ணன் வந்தார்.

"என்ன பிரச்சினை? பதினொன்னு காலி இருக்கு, இவுக ஏழு பேருதானே? குடுத்து விடுங்கக்கா."

"பதினொன்னும் பதினோரு இடத்துல இருக்கு, சார்."

"மூணு மணி நேரம்தானே. தனித்தனியா உக்காந்தா என்ன?"

"பொம்பளப் பிள்ளைகளை மொகந் தெரியாத ஆளுக நடுவுல ஒவ்வொண்ணா உக்கார வைக்கச் சொல்றீகளா தம்பி?" என்றார் இருளாண்டி. குரல் உயரவில்லை. முகம்தான் சுருங்கிவிட்டது.

கல்யாணசுந்தரி கணவனின் சட்டையைத் தேடிப் பிடித்தாள். "விடுங்க. வீட்டுக்குப் போவோம். நான் ஒரு மூலைல, நீங்க ஒரு மூலைல உக்காந்து நான் என்னத்தக் கேக்க? டிவில போடுவான்ல, அப்பப் பாத்துக்குவோம்."

"மாப்பிள்ளை நாளைக்கழிச்சுப் போயிருவாருடி."

"போகட்டும். கதவு ஓடியா போகும்? அதான் உடைச்சாச்சே."

அவள் சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் அப்படிச் சொல்லிக்கொண்டே தலையிலிருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதை ஓட்டைக்குப் பின்னால் இருந்து செந்தாமரை பார்த்தாள். ஓட்டை அந்தக் கையளவுதான் காட்டியது. அது போதுமானதாக இருந்தது.

கட்டத்தாளைப் புரட்டி, கம்ப்யூட்டரில் இருந்ததை அதில் வரைந்தாள். ஜி வரிசை: ஒன்று, இரண்டில் ஒரு ஜோடி, மூன்று காலி, நான்கு, ஐந்தில் ஒரு ஜோடி, ஆறு காலி, ஏழு, எட்டில் ஒரு ஜோடி, ஒன்பது காலி. இரண்டு ஜோடியைக் கிளப்பினால் மூன்றிலிருந்து ஒன்பது வரை ஏழு இடம். ஆனால் அவர்கள் எங்கே போவார்கள்? முன்னால் எஃப் வரிசையில் இரண்டு ஒற்றை இருந்தது. அவற்றுக்கு நடுவே மூன்று பேர். அந்த மூன்று பேர் ஒரு இடம் நகர்ந்தால் இரண்டு ஒற்றையும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு ஜோடிக்கு இடமாகும். பின்னால் எச் வரிசையிலும் அதே கதை. அங்கே நடுவில் இருப்பது இரண்டு பேர். ஜியில் மூன்று ஒற்றை, எஃப், எச் இரண்டிலும் இரண்டிரண்டு. ஏழு ஒற்றை, ஏழு டிக்கெட்.

வழி இருந்தது. ஆனால் அதைத் தாளில் செய்ய முடியாது. அந்த ஆட்கள் ஏற்கெனவே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

"சார், கேட்ல இருக்குற பாண்டியராஜனை அனுப்பி நாலு பேரை மாத்தி உக்காரச் சொன்னா..."

"அவன் கேட்டை விட்டு எப்படிக்கா வருவான்? டிக்கெட் கிடைக்காதவுக இருநூறு பேர் வெளிய நிக்கிறாக. வேணும்னா மைக்கு இருக்கு. நீங்களே சொல்லுங்க."

மைக்கா? இருளாண்டியின் குடும்பம் படியிறங்கத் தொடங்கியிருந்தது.

செந்தாமரை ஏழு ஒற்றைக்கும் டிக்கெட் அடித்தாள். கவுண்டரின் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் அவள் அந்தக் கதவைத் திறந்தது பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"அண்ணே, போயிறாதீக. பத்து நிமிசம் நில்லுங்க."

இருளாண்டி திரும்பிப் பார்த்தார். குரல் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. "நீதானா தாயி அது?" என்றார்.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருநூற்றைம்பதுக்கு மேல் தலை. ஒரே இரைச்சல். மைக்கில் சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. ஒவ்வொருவராகத்தான் கேட்க வேண்டும். அதிலும் முறை இருக்கிறது. போகச் சொல்கிறவர்களிடம் முதலில் போகக் கூடாது. போகும் இடத்தை முதலில் உண்டாக்க வேண்டும்.

எச் வரிசைக்குப் போனாள். ஆறு, ஏழில் புதுமணத் தம்பதி, தாலிக்கயிற்றில் மஞ்சள் மங்கவில்லை. குனிந்து, மணப்பெண்ணுக்கு மட்டும் கேட்கும்படி, "ஒரு எடம் அங்குட்டு நகந்துக்கிறீகளாம்மா?" என்றாள். அங்குட்டு என்றால் கல்லூரிப் பையன்கள் நால்வர். பெண் தயங்கினாள். செந்தாமரைக்கு அது தெரியும். "தம்பி அஞ்சுல உக்காரட்டும், நீங்க ஆறுல. உங்களுக்கு இங்குட்டுப் பக்கத்துல ஒரு அக்கா வந்து உக்காருவாக." இருவரும் நகர்ந்தார்கள். ஐந்தின் ஒற்றையும் எட்டின் ஒற்றையும் சேர்ந்து ஏழு, எட்டு என்று ஒரு ஜோடிக்கு இடம் விழுந்தது. அதற்கு நேர் முன்னால் இருந்த ஜி வரிசை ஜோடியை எழுப்பி, ஒரு வரிசை பின்னால் அதே எண்ணில் உட்கார வைத்தாள். பின்னால் போவது யாருக்கும் கசப்பதில்லை. அந்த ஜோடியின் மனைவியை எட்டில் விடாமல், மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஏழில் உட்கார வைத்ததோடு அது முடிந்தது.

எஃப் வரிசை மூன்று பேர் அப்பா, அம்மா, ஒரு சிறுமி. கேட்டதும் நகர்ந்துவிட்டார்கள். "மூணு சீட்டும் ஒண்ணாத்தானே இருக்கும்?" என்று மட்டும் கேட்டார் அந்த மனிதர். ஒற்றை டிக்கெட்டைத் தனியாகப் பையில் வைத்திருந்தார்.

மிச்சம் ஜி வரிசையின் நான்கும் ஐந்தும். அங்கே கண்டனூர் தேனப்பன் செட்டியாரும் அவர் மனைவி மெய்யம்மை ஆச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். சென்னையில் இருக்கிறவர்கள், ஒரு கல்யாணத்துக்காக ஊர் வந்தவர்கள்.

"முன்னாடியா?" என்றார் தேனப்பன். "கழுத்து வலிக்கும்மா. காசு குடுத்து எடுத்த எடம் இது. எம் பேரன் மெட்ராஸ்ல இருந்து போன்ல போட்டுக் குடுத்தான்."

"ஒரே ஒரு வரிசைதாங்கய்யா."

"ஒரு வரிசைன்னாலும் முன்னாடிதானே? எதுக்கு நான் எந்திரிக்கணும்?"

"ஏழு பேரு ஒரே குடும்பம். ஒண்ணா உக்காரணும்."

"அப்படின்னா முன்கூட்டியே எடுத்திருக்கணும். கடைசி நேரத்துல வந்துட்டு..."

திரையில் புகையிலை விளம்பரம் ஓடத் தொடங்கிவிட்டது. செந்தாமரைக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. பக்கத்தில் இருந்த நாலைந்து பேர் பார்த்தார்கள்.

"முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தாக, ஐயா" என்றாள். "செவ்வாக்கெழமையே சொன்னாக. நான் பென்சில்ல எழுதி வச்சேன். இந்த எடத்தை வெளிய விக்கப் போறாகன்னு எனக்குத் தெரியும். மொதலாளி ரூம்பு வாசல்ல கால்மணி நேரம் நின்னேன். சொல்ல வாய் வரலை. வீட்டுக்குப் போயிட்டேன். தப்பு அவுகளுது இல்லை, உங்களுதும் இல்லை. என்னுது."

ஆச்சி அதுவரை கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார்.

"யாரு அந்தக் குடும்பம்?"

"இந்தப் படத்துல உடைக்கிற கதவு செஞ்ச ஆசாரி, ஆச்சி. அவுக சம்சாரத்துக்குக் கண்ணு தெரியாது. இவரு பக்கத்துல உக்காந்து சொல்லணும். பிள்ளைகளும் கூட இருக்கணுமாம், இவரு கூட்டிச் சொல்றாரான்னு பாக்க."

ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல பொம்பளை. நானும் இத்தனை வருசமாச் சாட்சி இல்லாமத்தான கேட்டுக்கிட்டு இருக்கேன்." கைப்பையை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். "எந்திரிங்க."

"கழுத்து வலிக்கும்டி."

"எப்படியும் இடைவேளைக்கு முன்னாடி தூங்கிருவீக. தூங்குற கழுத்துக்கு எந்த வரிசையா இருந்தா என்ன?"

பின்னால் இருந்த கல்லூரிப் பையன்கள் சத்தமாகச் சிரித்தார்கள். தேனப்பன் வேட்டியை மடித்துக்கொண்டு எழுந்தார். "வீட்டுலதான் எந்த எடத்துல உக்காரணும்னு இவ சொல்லுவா. இங்கயுமா" என்று முணுமுணுத்தபடி முன்வரிசைக்குப் போனார்.

விளக்கு அணைந்துகொண்டிருந்தபோது ஏழு பேரும் வந்தார்கள். மருமகள், மகள், கல்யாணசுந்தரி, இருளாண்டி என்று வரிசையாக உட்கார்ந்தார்கள். கல்யாணசுந்தரி இரண்டு பக்கமும் கையை நீட்டி, எட்டிய தலையைத் தொட்டும் எட்டாதவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டும் எண்ணினாள்.

செந்தாமரை வெளியே வந்தாள். நேராக ஹரிகிருஷ்ணன் அறைக்குப் போனாள். அவர் போனில் இருந்தார். அவள் வாசலில் நிற்கவில்லை. உள்ளே போய், மேசைக்கு முன்னால் நின்றாள்.

"சார். ஒரு வார்த்தை."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"மத்தியான ஆட்டத்துக்கும் ஒத்தை ஒத்தையா விழுந்துக்கிட்டே இருக்கு. அந்தச் சட்டத்தைத் திரும்பப் போடுங்க."

"போட்டா மறுபடி திட்டுவாங்கக்கா. ரெண்டும் ஒன்னுமா எடுக்க விடமாட்டேங்குதுன்னு."

"ரெண்டும் ஒண்ணுமா எடுத்தாத்தான் விடாது. ஒண்ணும் ரெண்டுமா எடுக்கச் சொல்லுங்க. மூணு காலி இருந்தா ஓரத்துல ஒண்ணை மொதல்ல எடுக்கட்டும். ரெண்டு மிஞ்சும், அதுக்குச் செவப்புக் காட்டாது. அப்புறம் அந்த ரெண்டை எடுக்கட்டும். மூணா வாங்கினதாவும் ஆகாது, ஒத்தையும் விழாது."

ஹரிகிருஷ்ணன் கம்ப்யூட்டரில் அடுத்த ஆட்டத்தைத் திறந்து, பார்ப்பதற்காகச் சட்டத்தைப் போட்டு, மூன்றாகக் காலி இருந்த ஓர் இடத்தில் ஓரத்து ஒன்றைத் தொட்டார். பச்சை. மிச்சம் இரண்டைத் தொட்டார். பச்சை.

"இதை எப்பக்கா கண்டுபிடிச்சீக?"

"கண்டுபிடிக்க என்ன இருக்கு? கவுண்டர்ல ரொம்ப நெரிசலா இருந்தா, அவுக ரெண்டு கேட்டாலும் நான் மொதல்ல ஒண்ணைத்தான் அடிச்சு வச்சுக்கிருவேன்."

"சொல்லவே இல்லையே."

"இப்பச் சொல்லிட்டேன்ல. அப்புறம் ஒண்ணு. பென்சில்ல இருக்கிற கும்பலை நானே கம்ப்யூட்டர்ல பிடிச்சு வைக்கணும். பாஸ்வேர்டு வேணும்."

அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். போட்ட சட்டத்தையும் நிறுத்தாமல் அப்படியே விட்டார்.

படம் முடிய அரைமணி இருக்கும்போது பாண்டியராஜன் வந்து கவுண்டர் கதவைத் தட்டினான். "அக்கா, கதவு வரப்போகுது. வாரீகளா?"

செந்தாமரை போய் நடைபாதைச் சுவரோரம் இருட்டில் நின்றாள். திரையில் கதாநாயகன் மழையில் நின்றுகொண்டிருந்தான். ஜி வரிசையிலிருந்து இருளாண்டியின் குரல் தாழ்ந்து, நிற்காமல் வந்துகொண்டிருந்தது. "இப்ப வாசலுக்கு வந்துட்டான். கதவு தெரியுது பாரு, நம்ம கதவு. மேல யானை ரெண்டு, நடுவுல தாமரை. மழைத்தண்ணி வழியுது..."

"நெசமாவா?" என்றாள் கல்யாணசுந்தரி.

"நெசந்தாம்மா" என்றாள் சின்ன மகள்.

"நெசந்தான் அத்தை" என்றார் திருப்பூர் மாப்பிள்ளை.

கதாநாயகன் உதைத்தான். தியேட்டரே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். கதவு இரண்டாகப் பிளந்து விழுந்தது. ஜனம் விசிலடித்தது. முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த தேனப்பன் திடுக்கிட்டு எழுந்து, என்ன, என்ன என்றார்.

விசில் அடங்கியதும் கல்யாணசுந்தரியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"இது தேக்கு உடையிற சத்தமால்ல இருக்கு. நீங்க தக்கை மரத்துலதான செஞ்சீக?"

"சத்தத்தை அவன் வேற எங்கயோ இருந்து எடுத்து ஒட்டியிருக்கான்டி."

"அப்ப மரம் உங்களுது, சத்தம் அவனுது."

"ஆமா."

"சரி, உடைஞ்சது நல்லா உடைஞ்சுச்சா?"

"நான் செஞ்சது நல்லா உடையாம எப்படி?"

ஜி வரிசை முழுக்கச் சிரித்தது. எஃப் வரிசையில் ஆச்சி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். செந்தாமரை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். கவுண்டரில் மத்தியான ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஓட்டை வழியாக ஒரு கை உள்ளே நீண்டிருந்தது.

"ரெண்டு குடுங்க" என்றது குரல்.

அவள் குனிந்து, ஓட்டை வழியே அந்தக் கைக்குரியவரின் முகத்தைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் மனைவி, பக்கத்தில் தனி டிக்கெட் வேண்டிய, தோளுயரப் பையன் ஒருவன்.

"மூணாவது ஆளும் வந்திருக்காகல்ல?" என்றாள். "மொதல்ல ஒண்ணு வாங்கிக்கிறீகளா?"